இணுவில் சமையலறையிலிருந்து வெள்ளவத்தைக்கு: உறைந்த கறி பழுதாகாமல் போய்ச்சேரும் 14 மணித்தியாலக் கணக்கு

மாலை ஆறு மணிக்கு இணுவிலில் இருந்து ஓட்டோவில் ஏறும் ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி, மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பிரிஜ்ஜுக்குள் போகவேண்டும். இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வீதி, ஒரு இரவு, பஸ்ஸின் அடியில் உள்ள சூடான சாமான் அறை. பெட்டிக்குள் மூன்று கிலோ இறால் கறி. அது உறைந்தபடி போனால் அடுத்த கிழமையும் ஓடர் வரும். இளகிச் சூடேறிப் போனால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை யாராவது சாப்பிட்டு வருத்தம் வந்தால் அந்த வீட்டின் தொழிலே நின்றுவிடும்.

வலிகாமத்தில் வீட்டுச் சமையலை நம்பி வாழும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல. உள்ளூரில் சோற்றுப் பார்சல் கொடுத்துவந்தவர்களிடம் இப்போது கொழும்பில் உள்ள உறவுகளும் அயலவர்களும் நண்டுக்கறி, இறால் பிரட்டல், மீன் கட்லற் கேட்கிறார்கள். கேட்பவருக்கு ஊர்ச் சுவை வேண்டும். அனுப்புபவருக்குக் குளிரின் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை ஒரு பொதியை எடுத்து முழுமையாகப் பார்க்கிறது.

குளிர் இல்லாமல் வாழ்ந்த ஊர்

எங்கள் தலைமுறைக்கு ஐஸ் என்பது நம்பமுடியாத பொருள். 1990 இல் ரயிலும் நின்று, மின்சாரமும் இல்லாமல்போன பிறகு, குடாநாட்டில் பிரிஜ் என்பது பல வீடுகளில் உடுப்பு வைக்கும் அலுமாரியாக இருந்தது. மீன் மிஞ்சினால் கருவாடு. பனங்கிழங்கு ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் மாறியது. மரக்கறி வற்றலானது. 2006 ஓகஸ்ற்றில் ஏ-9 பாதை மூடப்பட்டபோதும் அதே அறிவுதான் வீடுகளைக் காத்தது. வெயிலும் உப்பும் மட்டும் கொண்டு உணவைக் காப்பதில் எங்கள் அம்மாமாருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த அறிவு குளிருக்கு அப்படியே பொருந்தாது. கருவாட்டில் ஈரம் இல்லை, அதனால் கிருமி பெருகாது. உறைந்த கறியில் ஈரம் முழுவதும் இருக்கிறது. கிருமியும் சாகவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. குளிர் விலகிய கணத்தில் அது விழித்துப் பெருகத் தொடங்கும். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிகள் பெருகும் எல்லை. எங்கள் ஊரின் சாதாரண அறை வெப்பம் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே முதல் முடிவு, எதை இப்படி அனுப்புவது என்பது. ஒடியல் மா, மோர் மிளகாய், வடகம், மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை போன்றவற்றுக்குக் குளிர் வேண்டாம். அவற்றுக்கு ஐஸ் வைத்தால் ஈரம் பிடித்துப் பழுதாகும். குளிர்ப்பெட்டி கறிக்கும், கட்லற்றுக்கும், துப்புரவாக்கிய கடலுணவுக்கும் மட்டும்.

எங்கள் வீட்டில் பழுதான முதல் பெட்டி

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் அனுப்பிய பெட்டி பழுதாகித்தான் போனது. பிழை பஸ்காரருடையது அல்ல, எங்களுடையது. காலையில் சமைத்த கறியைச் சூடு ஆற முன்பே வட்டமான பிளாஸ்ரிக் டப்பாக்களில் நிறைத்துப் பிறீசரில் வைத்தோம். மாலையில் தொட்டபோது மேற்பகுதி கல்லாக இருந்தது. உறைந்துவிட்டது என்று நினைத்தோம். நடுப்பகுதி இன்னும் இளஞ்சூடாகவே இருந்திருக்கிறது. சாதாரணத் தண்ணீர் உறையவைத்த நான்கு போத்தல்களை அடியில் அடுக்கி, அதன்மேல் டப்பாக்களை வைத்து அனுப்பினோம். காலையில் வாங்கியவர் திறந்தபோது அடியில் இருந்த போத்தல்களில் ஐஸ் மிச்சம் இருந்தது. மேலே இருந்த கறி புளித்து மணத்தது.

அந்த ஒரு பெட்டியில் மூன்று பிழைகள் இருந்தன. கறி சரியாக ஆறவும் இல்லை, உறையவும் இல்லை. ஐஸ் வைத்த இடம் பிழை. ஐஸின் வகையும் பிழை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆறவைப்பதிலேயே பாதி வேலை

கடலுணவுக் கறியை அடுப்பால் இறக்கியதும் ஓடும் நேரம் முக்கியமானது. 60 பாகையிலிருந்து 20 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டும். அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டும். பெரிய பானையில் மூடி வைத்தால் நடுப்பகுதி இரவு முழுக்க இளஞ்சூடாகவே நிற்கும். சமைக்கும்போது சாகாமல் தப்பும் சில கிருமி வித்துகள் அந்த இளஞ்சூட்டில்தான் முளைத்துப் பெருகும். பெரிய பானைக் கறியால் கூட்டமாக வயிற்றோட்டம் வருவதற்கு இது வழக்கமான காரணம்.

கிணற்றுத் தண்ணீரில் பானையை வைப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகையில் இருக்கிறது. அதற்குக் கீழே கறியை அது கொண்டுபோகாது. ஆகவே முதலில் பானையைக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த பேசினில் வைத்துக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டு வையுங்கள். மூன்று கிலோ கறிக்கு ஒரு கிலோவுக்குக் குறையாத ஐஸ் வேண்டும். ஐஸ் தண்ணீர் பானைக்குள் தெறிக்கக்கூடாது. சுத்தமான அகப்பையால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கறி குளிர்ந்துவிடும்.

அதன் பிறகு தட்டையாகப் பொதி செய்யவேண்டும். உணவுக்குரிய தடித்த பொலித்தீன் பையில் அரைக் கிலோ கறியை ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, பையைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ ஒரு அங்குலத் தடிப்பில் பலகைபோல நிற்கும். இந்தத் தடிப்பில் வைத்தால் வீட்டுப் பிறீசரிலும் ஒரு இரவுக்குள் நடுவரை உறையும். தடிப்பு இருமடங்கானால் உறையும் நேரம் இருமடங்கையும் தாண்டிப் போகும். எங்கள் வட்ட டப்பாக்கள் ஏமாற்றியது அதனால்தான். பொதிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். கல்லான பிறகு அடுக்கலாம்.

நண்டுக்கு இந்த முறை சரிவராது. நண்டின் கால்முனை பையைக் குத்தித் துளைக்கும். இளகும்போது குழம்பு பெட்டிக்குள் வடியும். நண்டுக்கறியை உயரம் குறைந்த, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு பைக்குள் இட்டு, இரண்டு இரவு உறையவிடுங்கள். உருளைக்கிழங்குத் துண்டுகளும் அவித்த முட்டையும் போட்ட கறியை உறையவைக்க வேண்டாம். கிழங்கு பஞ்சாகும், முட்டை வெள்ளை ரப்பராகும். தேங்காய்ப்பால் இளகும்போது திரிந்ததுபோல் தெரியும். அது பழுதல்ல, சூடாக்கிக் கிளறினால் சேர்ந்துவிடும். கட்லற்றைத் தூள் பிரட்டியபின், பொரிக்காமல் உறையவைத்து அனுப்புவது நல்லது. வாங்குபவர் தானே பொரித்துக்கொள்வார்.

ஐஸ் இருந்தும் கறி ஏன் இளகுகிறது?

பலர் அறியாத இடம் இதுதான். சாதாரணத் தண்ணீர் உறைந்த ஐஸ் பூச்சியப் பாகையில் உருகும். கறியில் உப்பும் புளியும் மற்றச் சாரங்களும் கரைந்திருப்பதால் அது பூச்சியத்துக்கும் ஒன்றிரண்டு பாகை கீழேயே இளகத் தொடங்குகிறது. அதாவது பெட்டிக்குள் முதலில் இளகுவது கறி, பிறகுதான் ஐஸ். ஐஸ் போத்தல் கல்லாக இருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் கறி கூழாகியிருக்கும். தண்ணீர் ஐஸ் குளிரான உணவைக் குளிராக வைத்திருக்கும், உறைந்த உணவை உறைந்தபடி வைத்திருக்காது.

உறைந்தபடி போகவேண்டுமானால் கறியை விடக் கீழான வெப்பத்தில் உருகும் ஐஸ் வேண்டும். அதற்குக் கடையில் ஜெல் பொதி வாங்கத் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் உப்பு, அதாவது மட்டமான மூன்று மேசைக்கரண்டி தூளுப்பைக் கரைத்து, வெறும் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி உறையவையுங்கள். இந்த உப்பு ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகைக்கு வரும்போதே முழுவதும் உருகி முடிந்துவிடும். அது உருகி முடியும்வரை கறி இளகாது.

உப்பைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்கக்கூடாது. உப்பு கூடக்கூட உறையாமல் நிற்கும் தண்ணீரின் பங்கும் கூடும். வீட்டுப் பிறீசரால் அதைக் கல்லாக்க முடியாது. 50 கிராமிலேயே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உறையாமல், உப்புச் செறிந்த நீராக உள்ளே நிற்கும். போத்தலை ஆட்டினால் கொஞ்சம் அசைவதைப் பார்க்கலாம். அது பிழையல்ல.

அரை லீற்றர்ப் போத்தலில் 450 மில்லிலீற்றருக்கு மேல் நிரப்பவேண்டாம், உறையும்போது தண்ணீர் விரிந்து போத்தல் வெடிக்கும். மூடியை இறுக்கி, மேலே ‘உப்புத் தண்ணீர், குடிக்கவேண்டாம்’ என்று எழுதி ஒட்டுங்கள். கொழும்பில் பெட்டியைத் திறக்கும் பிள்ளை அதைக் குடித்துவிடக்கூடாது.

உறைந்த கறிக்கு மட்டும்தான் இந்த உப்பு ஐஸ். உறையாத பச்சை மீன், இறால் அனுப்புவதானால் சாதாரணத் தண்ணீர் ஐஸ்தான் சரி. மீன் வியாபாரிகளின் பழைய கணக்கு இந்த வெக்கைக்கு இன்றும் பொருந்தும்: ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்.

பெட்டியை ஒருநாள் சோதித்துப் பாருங்கள்

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. அது பெட்டியின் தடிப்பையும் பருமனையும் மூடியின் இறுக்கத்தையும் பொறுத்தது. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியைத் தாங்களே அளந்துகொள்ளலாம்.

நான்கு கிலோ ஐஸை ஒரு பையில் போட்டுக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். மூடியைச் செலோரேப்பால் ஒட்டி, வீட்டுக்குள் நிழலில் சரியாகப் பத்து மணித்தியாலம் விடுங்கள். பிறகு பையைத் திறந்து உருகிய தண்ணீரை மட்டும் வடித்து நிறுங்கள். அதைப் பத்தால் வகுத்தால் உங்கள் பெட்டி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிராம் ஐஸைத் தின்கிறது என்று தெரியும். கொஞ்சமாவது ஐஸ் மிஞ்சியிருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

நாம் எடுத்துக்கொண்ட பெட்டியைப் பார்ப்போம். உள்ளளவு 36 சென்ரிமீற்றர் நீளம், 26 அகலம், 18 உயரம். சுவரின் தடிப்பு இரண்டரைச் சென்ரிமீற்றர். இப்படியான பெட்டி 30 பாகை வெப்பமுள்ள அறையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 220 கிராம் ஐஸை உருக்கும். 14 மணித்தியாலத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பஸ்ஸின் அடி அறை வீட்டைவிடச் சூடு என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுவோம். மொத்தம் மூன்று கிலோ 700 கிராம். உப்பு ஐஸில் ஒரு பங்கு உறையாமல் நிற்பதையும், கறியிலும் போத்தல்களிலும் ஏறியிருக்கும் பிறீசர்க் குளிரையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு லீற்றர் உப்புத் தண்ணீர், அதாவது ஒன்பது போத்தல்கள் போதும்.

இந்தக் கணக்குப்படி 14 ஆவது மணித்தியாலத்தில் போத்தல்கள் உருகி முடியும் தறுவாயில் இருக்கும், கறி கல்லாகவே இருக்கும். பஸ் வழியில் பழுதாகி 20 மணித்தியாலம் ஆனால் கறி பாதிக்கு மேல் இளகியிருக்கும், ஆனால் உள்ளே ஐஸ் துகள்கள் மிஞ்சியிருக்கும். அதற்கும் மேல் போனால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இந்தப் பெட்டியின் நேர எல்லை 20 மணித்தியாலம், வாக்குக் கொடுக்கக்கூடிய நேரம் 14. பிறீசரிலிருந்து எடுத்த நேரம் முதல் மற்றப் பிரிஜ்ஜுக்குள் வைக்கும் நேரம்வரைதான் இந்தக் கணக்கு. பஸ் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சுவர்த் தடிப்பு நான்கு சென்ரிமீற்றர் உள்ள மீன் பெட்டி கிடைத்தால் உருகும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

புதன் முதல் ஞாயிறு வரை

வீட்டுப் பிரிஜ்ஜின் பிறீசர் தட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் உறையவைக்க முடியாது. ஆகவே வேலையைப் பிரித்துச் செய்யவேண்டும்.

புதன் இரவு உப்புத் தண்ணீர்ப் போத்தல்கள் உள்ளே போகின்றன. வியாழன் காலை இறால் வாங்கி உடனே துப்புரவாக்கிச் சமைத்து, மேலே சொன்னபடி ஆறவைத்து, ஆறு தட்டைப் பொதிகளாகப் பின்னேரம் பிறீசருக்குள் வைக்கிறோம். வெள்ளி முழுவதும் கதவைத் திறக்காமல் விடுகிறோம். மின்வெட்டு வந்தால், திறக்காத, நிறைந்த பிறீசர் ஒரு நாளாவது தாங்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான கிழமைகளில் ஓடரை ஏற்காமல் விடுவதே நல்லது.

சனி மாலை ஐந்தரைக்கு வெறும் பெட்டிக்குள் ஒரு ஐஸ் போத்தலை வைத்து மூடிப் பெட்டியைக் குளிரவிடுகிறோம். இது மேலதிகப் போத்தல், ஆறு மணிக்கு வெளியே வந்துவிடும். அடியில் ஒரு பத்திரிகைத் தாள் மடிப்பு, அதன்மேல் இரண்டு போத்தல், பிறகு கறிப் பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஒரே கட்டாக. பக்கங்களில் மூன்று போத்தல். மேலே நான்கு. குளிர்ந்த காற்று கீழே இறங்கும், ஆகவே கூடுதலான ஐஸ் மேலே இருக்கவேண்டும். எங்கள் முதல் பெட்டியில் எல்லாம் அடியில் இருந்ததால் மேலே இருந்த கறியை அது காக்கவில்லை. மிஞ்சிய இடைவெளியைக் கசக்கிய பத்திரிகையால் நிரப்புங்கள். வெற்றிடம் இருந்தால் அதற்குள் சுழலும் காற்று ஐஸை உருக்கும்.

மூடியின் பொருத்து முழுவதையும் சுற்றிச் செலோரேப்பால் ஒட்டவேண்டும். நான்கு மூலையில் மட்டும் ஒட்டினால் சூடு அந்த இடுக்கால் நுழையும். பிறகு பெட்டியை ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் இட்டுக் கட்டுங்கள். தண்ணீர் சொட்டும் பெட்டியை எந்த நடத்துனரும் அடுத்தமுறை ஏற்றமாட்டார். பெயர், தொலைபேசி இலக்கம், ‘மேல்பக்கம்’ என்ற அம்புக்குறி ஆகியவற்றோடு மூடிய நேரத்தையும் எழுதுங்கள்: சனி மாலை 6.00.

இணுவிலில் இருந்து யாழ். நகர் ஆறேழு கிலோமீற்றர்தான். ஏழரை மணி பஸ்ஸுக்கு ஆறேகாலுக்கு ஓட்டோ போதும். பெட்டியை ஏற்றும்போது நீங்களே நின்று, பின்பக்க எஞ்சினுக்கு அருகில் வைக்கவேண்டாம், முன்பக்க அறையில் வையுங்கள் என்று கேளுங்கள். ஒரு கறிப்பெட்டியின் விதியை அந்த ஓரிரு மீற்றர் தூரம் மாற்றும். பஸ் இலக்கத்தையும் நடத்துனரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ஓட்டம் எட்டு முதல் பத்து மணித்தியாலம். அதிகாலை ஐந்து மணியளவில் வெள்ளவத்தை. எழும்பி வந்து எடுக்க யாரும் இல்லாவிட்டால் அந்த ஓடரை அன்று அனுப்பாதீர்கள். கடை வாசலில் வெயில் ஏறும்வரை நிற்கும் பெட்டிகள்தான் கூடுதலாகப் பழுதாகின்றன.

ரயிலிலும் பொதி அனுப்பலாம். 24 ஆண்டுகளுக்குப் பின் 2014 ஒக்ரோபர் 13 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காங்கேசன்துறைவரை பாதை திறந்தது. இணுவிலுக்கும் நிலையம் உண்டு. ஆனால் பொதியைக் கையளிக்கும் நேரமும் திரும்ப எடுக்கும் நேரமும் சேரும்போது 14 மணித்தியாலம் எளிதில் தாண்டிவிடும். தண்டவாளத் திருத்தத்துக்காகப் பாதை மூடப்படும் காலங்களும் உண்டு. உறைந்த உணவுக்கு ரயிலைத் தெரிந்தால், கூடவே பயணம் செய்பவர் ஒருவர் கையில் கொடுத்துவிடுவதே நம்பிக்கையானது.

திறந்ததும் என்ன பார்க்கவேண்டும்?

பெட்டியோடு ஒரு சிறு தாள் போகவேண்டும், கூடவே ஒரு சாட்சியும் போகவேண்டும். சாட்சி என்பது ஒரு சின்ன மருந்துப் போத்தல். அதில் பாதிக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி உறையவைத்து, ஐஸின்மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து மூடி, கறிப் பொதிகளுக்கு நடுவில் நிமிர்த்திச் செருகுங்கள். காசு மேலேயே நின்றால் பெட்டியின் நடு பூச்சியத்தைத் தாண்டவில்லை. அடிக்குப் போயிருந்தால் ஐஸ் முழுவதும் உருகியிருக்கிறது, கறியைக் கவனமாகப் பார்க்கவேண்டும். வழியில் உருகி மறுபடி உறைந்திருந்தாலும் காசு அடியில் கிடந்து உண்மையைச் சொல்லும்.

தாளில் எழுதவேண்டியது மூன்றே வரி. பொதி கல்லாகவோ ஐஸ் துகள்களோடோ இருந்தால் பிறீசரில் வைக்கலாம். முற்றாக இளகியிருந்தும் பிரிஜ்ஜில் இருந்து எடுத்ததுபோல் குளிராக, 5 பாகைக்குள் இருந்தால், மறுபடி உறையவைக்காமல் அன்றே நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடவேண்டும். குளிர் விட்டிருந்தால் மணம் நன்றாக இருந்தாலும் எறியவேண்டும், காசு திருப்பித் தரப்படும். தண்டு வைத்த சாதாரண சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்தால் இந்த வாக்குவாதங்கள் குறையும்.

மணத்தை நம்பவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உணவை நஞ்சாக்கும் பல கிருமிகள் மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. மீனில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் பிடித்தபிறகு சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் சேர்கிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். ஒவ்வாமை என்று நினைப்பார்கள். அந்தப் பொருள் உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே அனுப்பும் கட்லற்றுக்கும் கறிக்கும் இந்த மீன்களை எடுப்பதானால், கரைக்கு வந்ததும் ஐஸில் வைத்த மீனாக இருக்கவேண்டும். சந்தையில் மதியம்வரை வெறும் பலகையில் கிடந்ததை மலிவுக்கு வாங்கவேண்டாம்.

பதிவும் லேபலும்

வீட்டில் சமைத்து விற்றாலும் அது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. இணுவில் உடுவில் பிரதேச செயலகப் பிரிவிலும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபை எல்லையிலும் இருக்கிறது. முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுச் சமையலறையைக் காட்டுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் உள்ள தூரம், குடிநீர், ஈ மொய்க்காத ஏற்பாடு ஆகியவற்றைப் பார்த்து, வேறு என்ன பதிவு தேவை என்று அவரே சொல்வார். பிடிபடும்வரை பொறுத்திருப்பதைவிட இது செலவு குறைந்தது.

ஒவ்வொரு பொதியிலும் உணவின் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் பெயரும் முகவரியும், ‘உறைநிலையில் வைக்கவும்’ என்ற குறிப்பும் இருக்கட்டும். இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. கட்லற் பொரித்த அதே எண்ணெயில் இறால் பொரித்திருந்தால் அதையும் எழுதவேண்டும். எழுத்து நனைந்து அழியாமல் லேபலின்மேல் செலோரேப் ஒட்டுங்கள்.

இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இதேபோல் அனுப்பமுடியுமா என்று கேட்பவர்கள் பலர். இந்தப் பெட்டியால் முடியாது. நேரம் ஒரு தடை. இறைச்சி, பால் கலந்த உணவை இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குத் தனிப்பட்ட பொதியாகக் கொண்டுபோவது அங்கே தடைசெய்யப்பட்டிருப்பது இன்னொரு தடை. வெளிநாட்டு உறவுக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் போகட்டும்.

கடைசியாக விலை. பெட்டி, உப்பு, மூன்று நாள் பிறீசர் மின்சாரம், ஓட்டோ, பஸ் கூலி எல்லாம் கறியின் விலைக்குள் வரவேண்டும். நான்கு கிலோ ஐஸும் மூன்று கிலோ கறியும் சேர்ந்து ஏழு கிலோவுக்குக் கூலி கொடுக்கிறீர்கள் என்பதை மறக்கவேண்டாம். ஒரு கிலோ கறிக்கென்று தனிப்பெட்டி அனுப்பினாலும் ஐஸ் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் சூடு நுழைவது பெட்டியின் சுவரால். ஆகவே ஒரே தெருவில் உள்ள மூன்று வாடிக்கையாளரை ஒரு பெட்டியில் சேர்த்துவிடுங்கள். பெட்டியையும் போத்தல்களையும் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதன்கிழமை போத்தல்களை மறுபடி பிறீசருக்குள் வையுங்கள்.